மீன் தொட்டி கசிந்தபோது: கண்ணாடியா, அக்ரிலிக்கா?

எங்கள் வீட்டு இரண்டடி கண்ணாடித் தொட்டியின் கீழ் மூலையில் நீர் கசியத் தொடங்கியது. கொளத்தூர் கடைக்காரர், "அக்ரிலிக் வாங்கிடுங்க சார், மூலை விடாது" என்றார். அது எடையில் ஏறக்குறைய பாதி, கண்ணாடியின் பச்சைச் சாயலும் கிடையாது. ஆனால் பாசி துடைக்கும் பஞ்சில் ஒரு மணல் துகள் சிக்கினாலே அக்ரிலிக்கில் கோடு விழும். நுண்ணிய உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் கீறல் மறையும், சரி. மாதா மாதம் யார் தேய்ப்பது? எடை குறைவதும் பெரிய லாபமில்லை, உள்ளே நிற்கும் தண்ணீரே 55 கிலோ.

அதனால் கண்ணாடியையே சரிசெய்தேன். கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பழைய சிலிகான் பசையின் மேல் புதியது பிடிக்காது. கசிந்த இடத்தில் மட்டும் பூசினால் மறுபடியும் கசியும். உள்விளிம்பு முழுவதையும் பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்தேன் (அக்ரிலிக்கில் அசிட்டோன் பட்டால் பாழ்). பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானை நிறுத்தாமல் பூசி, ஈர விரலால் அழுத்திவிட்டேன். 48 மணி நேரத்துக்கு மேல் காயவிட்டு, வினிகர் வாடை அடங்கியதும், செய்தித்தாள் விரித்து அதன்மேல் தொட்டியை வைத்து நிரப்பினேன். ஒரு சொட்டு கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும். மறுநாளும் அது காய்ந்தே இருந்த பிறகுதான் பக்கெட்டில் இருந்த மீன்களை மாற்றினேன்.