ஓராண்டுக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தொடரை எடுப்பது எப்படி?

கவிதைத் தொடரோ கட்டுரைத் தொடரோ எழுத ஆசைப்படுகிறவர்கள் பலரும் தலைப்பை முதலில் வைத்துவிட்டு அப்புறம் விஷயம் தேடுவார்கள். மூன்றாவது பகுதியிலேயே சரக்கு தீர்ந்துபோகும். இங்கே நான் சொல்லப்போவது தலைகீழான வழி. ஒரு வருடம் பார்த்ததை எழுதி வைத்து, அதற்குள்ளிருந்து பொருளை எடுப்பது.

1. குறிப்பு எழுதும் முறை

தேதி, நேரம், இடம், பிறகு கண்ணில் பட்டது. இரண்டு மூன்று வரி போதும். ‘அழகாக இருந்தது’, ‘மனசு கனத்தது’ என்று எழுதாதீர்கள். பத்து மாதம் கழித்துப் படிக்கும்போது அந்த வரியிலிருந்து எதையும் எடுக்க முடியாது. நேரத்தை விடாமல் எழுதுங்கள். அது எதற்கு என்று கீழே தெரியும்.

2. சீக்கிரம் முடிவு செய்யாதீர்கள்

மார்ச்சிலேயே ‘என் தொடர் மழையைப் பற்றி’ என்று தீர்மானித்தால், அதன்பிறகு கண் மழையை மட்டுமே பார்க்கும். குறிப்பேட்டில் மற்றவை வற்றிப்போகும். வருடம் முடியும்வரை எந்தத் தலைப்பும் வேண்டாம்.

3. முதல், கரு, உரி

வருடக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். பக்க ஓரத்தில் மூன்று விதமாகக் குறியிடுங்கள். இதற்குத் தொல்காப்பியம் அகப்பாட்டுக்குச் சொல்லும் பகுப்பே எனக்கு வசதியாக இருக்கிறது. இடமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கும் மரம், உணவு, பறவை, தொழில் போன்றவை கருப்பொருள். மனிதர்களுக்குள் நடப்பது உரிப்பொருள்.

ஒரு உதாரணம். சென்னையில் கிழக்கு மேற்காக ஓடும் ஒரு கடைத்தெருவைப் பற்றிய குறிப்புகள் என்று வைத்துக்கொள்வோம்.

ஜனவரி 9, மதியம் 12.10: தெற்கு வரிசைக் கடைகளின் நிழல் பாதித் தெருவுக்கு விழுகிறது. கொய்யா விற்கும் அம்மா அதில் உட்கார்ந்திருக்கிறார்.

ஏப்ரல் 25, மதியம் 12.10: கம்பத்துக்கு நிழலே இல்லை. கொய்யா அம்மா குடை விரித்திருக்கிறார். செருப்பு தைப்பவரின் பாதி உடம்பு அந்தக் குடைக்குள்.

ஜூன் 14, மதியம் 12.10: நிழல் இப்போது வடக்கு வரிசை ஓரத்தில், ஒன்றரை முழம்தான். அங்கே கூடையை வைக்கக்கூடாது என்று கடைக்காரர் சத்தம் போடுகிறார்.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரணம். சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும்: மதிய நிழல் தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியிருக்கிறது. சென்னையில் சூரியன் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவை ஒட்டியும் உச்சிக்கு நேராக வரும். இடைப்பட்ட மாதங்களில் அது நடுப்பகலில் வானத்தின் வடபக்கம் இருப்பதால் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே. இது ஒரு வாரக் குறிப்பில் சிக்காது. நேரம் எழுதாத குறிப்பிலும் சிக்காது.

ஆனால் ‘நிழல்’ இன்னும் தொடருக்கான பொருள் ஆகவில்லை. அது கருப்பொருள் மட்டும்தான். இதோடு நின்றால் நிழலை வர்ணிக்கும் பத்துக் கவிதைகள் கிடைக்கும், பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். உரிப்பொருளைத் தேடுங்கள். குடைக்குள் ஒருவரை விட்டது, கூடையை விரட்டியது: இரண்டிலும் நிழலை யார் யாருக்கு விடுகிறார்கள், யார் தடுக்கிறார்கள் என்ற விவகாரம் இருக்கிறது. ‘நிழலைப் பங்கு போடுவது’ என்றால் அதில் ஒரு தொடர் இருக்கிறது.

4. தாங்குமா என்று பார்ப்பது

இரண்டு சோதனை போதும். முதலாவது, இந்தப் பொருளுக்கான குறிப்புகள் எந்தெந்த மாதங்களில் இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் மே மாதத்திலேயே குவிந்திருந்தால் அது ஒரு கட்டுரை, தொடர் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் புகுந்த வாரம் இப்படித்தான் ஏமாற்றும். பக்கம் பக்கமாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே சம்பவம்.

இரண்டாவது, எட்டுப் பகுதிகளுக்குத் தலைப்பு எழுதி ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு குறிப்பின் தேதியைப் போடுங்கள். ஒரே தேதி இரண்டு இடத்தில் வந்தால் அவை ஒரே பகுதி. தேதியே இல்லாத தலைப்பு நீங்கள் யோசித்துச் சேர்த்தது, அடித்துவிடுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் அடுத்த பொருளைப் பாருங்கள்.

இரண்டு குறிப்புகள் ஒன்றையொன்று மறுத்தால் எதையும் நீக்காதீர்கள். ஜூனில் கூடையை விரட்டிய அதே கடைக்காரர் செப்டம்பரில் அந்த அம்மாவுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொடுத்தார் என்றால், தொடரின் நல்ல பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

5. கவிதையா, கட்டுரையா

குறிப்பைத் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். குடைக்குள் பாதி உடம்பு என்றதும் புரிந்துவிட்டால் அது கவிதைக்கு. நிழல் ஏன் பக்கம் மாறியது, அந்த நடைபாதை யாருக்குச் சொந்தம் என்று விளக்க வேண்டிவந்தால் அது கட்டுரைக்கு. எந்தப் பக்கம் அதிகம் சேர்கிறதோ, தொடரை அந்த வடிவத்திலேயே எழுதுங்கள். மீதியை வேறு உறையில் போட்டு வையுங்கள்.