கால் ஆப்ஷனுக்கு என்ன விலை? மூன்று மாத பைனாமியல் மரம் ஒன்றைக் கையால் போட்டுப் பார்ப்போம்

ஒரு பங்கு இன்று 1000 ரூபாய். மூன்று மாதம் கழித்து அதை 1000 ரூபாய்க்கே வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வேண்டும். அதுதான் கால் ஆப்ஷன். கடைசி நாளில் மட்டுமே அந்த உரிமையைப் பயன்படுத்தலாம் என்றால் அது ஐரோப்பிய வகை; நம் நிஃப்டி ஆப்ஷன்கள் இந்த வகைதான். இதற்கு இன்று எவ்வளவு பிரீமியம் கொடுக்கலாம்?

கணக்கு எளிதாக இருக்க, பங்கு ஒவ்வொரு மாதமும் ஒன்று 10% ஏறும், இல்லையென்றால் 10% இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது u = 1.1, d = 0.9. வட்டி மாதம் 1%, எனவே R = 1.01. டிவிடெண்ட் கிடையாது.

முதலில் மரம். ஒரு மாதம் கழித்து விலை 1100 அல்லது 900. இரண்டாம் மாதம் 1210, 990, 810. நடுவில் இருப்பது 1000 அல்ல என்பதைக் கவனியுங்கள். 10% ஏறி 10% இறங்கினால் 990தான். இறங்கி ஏறினாலும் அதே 990. அதனால்தான் கிளைகள் மறுபடி ஒன்றுசேர்கின்றன. மூன்றாம் மாதம் 1331, 1089, 891, 729. அன்று ஆப்ஷனின் மதிப்பு முறையே 331, 89, 0, 0.

அடுத்து p. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

```
p = (R - d) / (u - d) = (1.01 - 0.9) / (1.1 - 0.9) = 0.55
```

இது பங்கு ஏறுவதற்கான உண்மையான வாய்ப்பு அல்ல. பங்கின் சராசரி வளர்ச்சி சரியாக வட்டி அளவுக்கே இருக்கும்படி செய்யும் எண், அவ்வளவுதான். சரிபாருங்கள்: 0.55 × 1100 + 0.45 × 900 = 1010. ரிஸ்க்-நியூட்ரல் நிகழ்தகவு என்பது இதுதான்.

இனி பின்னாலிருந்து முன்னால். ஒவ்வொரு கணுவிலும் செய்வது ஒன்றே: மேல் கிளையின் மதிப்பை 0.55ஆலும் கீழ்க் கிளையின் மதிப்பை 0.45ஆலும் பெருக்கிக் கூட்டி, 1.01ஆல் வகுக்க வேண்டும்.

விலை 1210 இருக்கும் கணுவில் (0.55 × 331 + 0.45 × 89) / 1.01 = 219.90. 990இல் 48.47. 810இல் பூஜ்யம். ஒரு மாதம் முன்னே வந்தால் 1100இல் 141.34, 900இல் 26.39. கடைசியாக இன்றைய விலை 88.73 ரூபாய்.

"இந்தப் பங்கு ஏற 70% வாய்ப்பு இருக்கிறதே, அதைப் போடக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் போட்டேன். 0.7 போட்டால் விலை 148.29 வருகிறது. அந்த விலைக்கு நீங்கள் வாங்க வந்தால், விற்பவர் செய்யக்கூடியது இது. 0.57475 பங்கு வாங்குவார், அதற்கு 574.75 ரூபாய் வேண்டும். அதில் 486.02 ரூபாயைக் கடனாக வாங்கிவிட்டால், கையிலிருந்து போடுவது 88.73 மட்டுமே. மாத முடிவில் கடன் 490.88 ஆகியிருக்கும். பங்கு 1100 ஆனால் அவரிடம் நிகரமாக மிஞ்சுவது 141.34, 900 ஆனால் 26.39. மரத்தில் நாம் கண்ட அதே எண்கள்! அந்தத் தொகையை வைத்தே அடுத்த மாதத்துக்குப் பங்கின் அளவை மாற்றிக்கொள்வார். 1100 ஆகியிருந்தால் 0.779 பங்கு வேண்டும். புதிதாகப் பணம் எதுவும் போட வேண்டாம். கடைசி நாளில் உங்களுக்குத் தர வேண்டியது அப்படியே கையில் இருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த 59.56 ரூபாய் முதல் நாளே அவர் பைக்குள். பங்கு ஏறும் என்ற உங்கள் நம்பிக்கை இந்தக் கணக்கில் எங்குமே நுழையவில்லை.

பைத்தானில் இதே கணக்கு:

```python
S, K, u, d, R, n = 1000, 1000, 1.1, 0.9, 1.01, 3
p = (R - d) / (u - d)
V = [max(S * u**j * d**(n-j) - K, 0) for j in range(n+1)]
for _ in range(n):
    V = [(p*V[j+1] + (1-p)*V[j]) / R for j in range(len(V)-1)]
print(round(V[0], 2))   # 88.73
```

மாத மரத்தில் தவறிப்போய் ஆண்டு வட்டியை, அதாவது R = 1.12 என்று, போட்டால் p = 1.1 வரும். p ஒன்றைத் தாண்டினாலோ பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்; காலமும் வட்டியும் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு தவறு இப்படிச் சத்தம் போடாது. துல்லியம் கூடட்டும் என்று n-ஐ மட்டும் 3இலிருந்து 90 ஆக்கி, u, d இரண்டையும் அப்படியே விட்டால், பங்கு நாளுக்கு 10% ஆடுவதாக ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. விலை மட்டும் கன்னாபின்னாவென்று ஏறும். 1979இல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் கொடுத்த வழி, ஆண்டு ஏற்ற இறக்கம் σ-விலிருந்து ஒவ்வொரு படிக்கும் u-வைக் கணக்கிடுவது:

```
u = exp(σ * sqrt(dt)),  d = 1/u,  R = exp(r * dt)
```

இதில் dt என்பது ஒரு படியின் நீளம், ஆண்டுக் கணக்கில். r ஆண்டு வட்டி. இப்படிப் போட்டு n-ஐக் கூட்டினால் விலை ஒற்றைப்படை, இரட்டைப்படைக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடியபடியே பிளாக்-ஷோல்ஸ் விலையை நெருங்கும். அந்த ஆட்டம் உறுத்தினால் n, n+1 இரண்டுக்கும் வரும் விலைகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.