உருது வாக்கியத்துக்குள் தமிழ்ச் சொல்: நிறுத்தற்குறிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் அச்சிடப்படும் உருதுத் திருமண அழைப்பிதழில் ஊர்ப்பெயர்கள் தமிழெழுத்தில் இருந்தால், வெளியூர் விருந்தினர் அவற்றைப் பேருந்தின் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ‘மாட்டுத்தாவணியில் புறப்படும் பேருந்து மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி வழியாகச் செல்லும்’ என்பதை உருதுவில் எழுதி, வழியிலுள்ள மூன்று ஊர்ப்பெயர்களை மட்டும் தமிழில் தட்டச்சு செய்வதாகக் கொள்வோம். வலமிருந்து படித்து வருபவரின் கண்ணில் முதலில் படுவது மேலூர் அல்ல, துவரங்குறிச்சிதான். பயணத்தின் வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் காற்புள்ளி. யூனிகோடு விதிப்படி தமிழெழுத்துக்கு இடமிருந்து வலம் என்றும் உருது எழுத்துக்கு வலமிருந்து இடம் என்றும் திசை உறுதியாக உண்டு. காற்புள்ளிக்கும் இடைவெளிக்கும் அப்படி ஒன்று கிடையாது. இரு பக்கமும் தமிழ்ச் சொல் இருந்தால் காற்புள்ளியும் தமிழின் திசையில் சேர்ந்துகொள்வதால், மூன்று ஊர்களும் ஒரே தொடராகி இடமிருந்து வலமாக அடுக்கப்படுகின்றன. உருதுவுக்கே உரிய தலைகீழ்க் காற்புள்ளியைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது முதல் தவறு, ஏனெனில் வடிவம் உருதுவாக இருந்தாலும் அதற்கும் உறுதியான திசை இல்லை. உருது முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, அரைப்புள்ளி ஆகியவற்றுக்கு அது உண்டு என்பதுதான் பலரையும் ஏமாற்றுகிறது.

தீர்வு எளிது. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் பின்னால் U+200F என்ற, கண்ணுக்குத் தெரியாத வலமிருந்து இடக் குறியை இட்டால் தொடர் அங்கே அறுபட்டு, மேலூர் வலப்பக்கம் வந்து நிற்கும். வேர்டில் 200F என்று தட்டி Alt+X அழுத்தினால் அக்குறி வந்துவிடும்.

கேள்விக்குறியின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. ‘துவரங்குறிச்சி போகுமா?’ என்று நடத்துநரிடம் காட்டுவதற்கான தமிழ்க் கேள்வி உருது வாக்கியத்தின் நடுவில் வருகிறது. உருதுக் குறியைப் போலன்றி, இந்த வழக்கமான கேள்விக்குறிக்கு உறுதியான திசை இல்லை. அதற்கு முன்னால் தமிழும் பின்னால் உருதுவும் இருப்பதால் அது பத்தியின் திசையை ஏற்று, ‘போகுமா’வை விட்டு விலகித் துவரங்குறிச்சியின் இடப்பக்கம் போய் நின்றுவிடும். இதைக் கண்டதும் கேள்விக்குறியை அழித்துவிட்டு, தமிழ்த் தொடருக்கு முன்னால் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. திரையில் அது சரியான இடத்தில்தான் தெரியும். ஆகவேதான் இதை எல்லாவற்றிலும் மோசமான தவறு என்பேன். கோப்பில் ‘?துவரங்குறிச்சி போகுமா’ என்றே பதிவாகியிருக்கும். அத்தொடரை நகலெடுத்துத் தமிழ்ப் பத்தியில் ஒட்டினால் கேள்விக்குறி முன்னால் வந்து நிற்கும். வரியின் ஓரத்தில் தொடர் இரண்டாக முறிந்தாலோ கேள்விக்குறி முதல் வரியில் துவரங்குறிச்சியோடு தங்கிவிட, ‘போகுமா’ மட்டும் அடுத்த வரிக்குப் போய்விடும்.

தட்டச்சு செய்யும் வரிசை எப்போதும் படிக்கும் வரிசையாகவே இருக்க வேண்டும். கேள்விக்குறியை ‘போகுமா’வுக்குப் பின்னாலேயே விட்டு, அதையடுத்து U+200E என்ற இடமிருந்து வலக் குறியை இட வேண்டும். வலைப்பக்கமானால் தமிழ்ப் பகுதியைத் தனியே பிரித்துக்காட்டுவது இன்னும் பாதுகாப்பானது:

```html
<p dir="rtl" lang="ur">…
<bdi lang="ta">துவரங்குறிச்சி போகுமா?</bdi> …</p>
```

இங்கே உருது விசைப்பலகையின் கேள்விக்குறியைப் போட்டுவிட்டால், அதற்கே உறுதியான திசை இருப்பதால் இடமிருந்து வலக் குறியால் அதை நகர்த்த முடியாது. தமிழ்க் கேள்விக்கு வழக்கமான கேள்விக்குறிதான் வேண்டும்.

அடைப்புக்குறியிலும் இதே கண்ணை நம்பும் பழக்கம் கெடுதல் செய்கிறது. தொடக்க அடைப்பு எந்தத் திசையில் தோன்றினாலும் கோப்பில் அது தொடக்க அடைப்புதான். உருதுப் பத்தியில் அதன் வடிவத்தைத் திருப்பிக் காட்டுவது மென்பொருளின் வேலை. திரும்பியிருக்கிறதே என்று மாற்றித் தட்டினால் அடுத்த மென்பொருளில் இரண்டும் முதுகு காட்டி நிற்கும்.

இவ்வளவும் பத்தியின் திசை சரியாக இருந்தால் மட்டுமே பயன்படும். பத்தியை வலப்பக்கம் ஒட்டி அமைப்பது வேறு, அதன் திசையை மாற்றுவது வேறு. முன்னதைச் செய்துவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவோர் அதிகம். திசையைத் தானே கண்டறியும் தட்டச்சுப் பெட்டிகள் பத்தியின் முதல் திசையுள்ள எழுத்தைப் பார்த்து முடிவெடுப்பதால், ‘மேலூர்’ என்று தமிழில் தொடங்கும் உருது வாக்கியத்தைத் தமிழ்ப் பத்தியாகவே கொள்ளும். அப்போது உருதுவின் பகுதிகளே இடம் மாறிப்போகும். விண்டோஸின் பல மென்பொருள்களில் வலப்பக்க Shift விசையை Ctrl உடன் அழுத்தினால் பத்தியின் திசை மாறும்.

அச்சுக்கு அனுப்புமுன் கர்சரை அம்பு விசையால் ஓர் எழுத்தாக நகர்த்தி, குறி எந்தச் சொல்லை அடுத்து வருகிறது என்று பார்க்கலாம். பிறகு பத்தியின் அகலத்தைக் குறைத்து, தமிழ்த் தொடர் இரண்டு வரியாக உடையும்படி செய்து மறுபடியும் படிக்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருளுக்கு மாற்றும்போது திசைக்குறிகள் கழன்றுபோகக்கூடும் என்பதால், குறிகள் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று இறுதிப் பிடிஎஃப் கோப்பையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.