"ரிட்டர்ன் ரிப்போர்ட் கொஞ்சம் அனுப்புங்க": டேட்டா அனலிஸ்டிடம் சரியாகக் கேட்பது எப்படி?

ஜூன் 3. ஆன்லைன் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் அனலிஸ்டுக்கு இப்படி அனுப்புகிறார்:

> மே மாசம் ரிட்டர்ன் ரொம்ப வந்திருக்கு போல. ஒரு ரிப்போர்ட் கிடைக்குமா? கொஞ்சம் அவசரம்.

இதைத் திருத்தி எழுதலாம்.

படி 1: எதற்காக என்று சொல்லுங்கள். ஒரே வரி போதும். எந்த வகைத் துணியின் அளவு அட்டவணையைத் திருத்துவது என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். இது தெரிந்தால், வகைவாரியாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது அனலிஸ்டுக்கே புரிந்துவிடும்.

படி 2: எல்லையை வரையுங்கள். பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் சொதப்புவது இங்கேதான். "மே மாத ரிட்டர்ன்" என்றால் மே மாதத்தில் திரும்பி வந்தவையா, மே மாதத்தில் டெலிவரியாகிப் பிறகு திரும்பியவையா? இரண்டுக்கும் வெவ்வேறு எண் வரும். முதல் கணக்கில் ஏப்ரலில் வாங்கிய சட்டையும் சேர்ந்துவிடும். அதனால் இரண்டாவதை எடுப்போம்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திருப்பி அனுப்ப 15 நாள் அவகாசம் என்றால், மே 28-இல் டெலிவரியான துணிக்கு இன்னும் நாள் மிச்சம். அதையும் சேர்த்தால் சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். மே 18 வரை டெலிவரியானவற்றுக்கு ஜூன் 2-ஆம் தேதியோடு அவகாசம் முடிந்துவிட்டது. எனவே மே 1 முதல் 18 வரை எடுத்து, ஏப்ரலின் அதே 18 நாளோடு ஒப்பிடச் சொல்வதே நியாயம்.

எதை எண்ணுவது என்பதையும் எழுதுங்கள். மூன்று துணி வாங்கியவர் ஒன்றை மட்டும் திருப்பினால், ஆர்டர் கணக்கா, துணிக் கணக்கா? நமக்குத் துணிக் கணக்குதான் வேண்டும்.

படி 3: வடிவம். கூட்டத்தில் காட்ட மட்டும் என்றால் பி.டி.எஃப். போதும். வரிசை மாற்றிப் பார்க்க எக்செல் வேண்டும். ஒரு வரியில் என்ன இருக்க வேண்டும் என்று சொன்னால் பாதிக் குழப்பம் தீரும்.

படி 4: கெடு. "அவசரம்" என்பது நேரமே அல்ல. நாளும் மணியும் எழுதுங்கள். முழுதாக முடியாவிட்டால் எதை முதலில் தரலாம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

திருத்திய செய்தி:

> வணக்கம். எந்த வகைத் துணிக்கு அளவு அட்டவணையைத் திருத்துவது என்று வெள்ளி மதியம் 3 மணிக் கூட்டத்தில் முடிவு செய்கிறோம். அதற்கு ரிட்டர்ன் விவரம் வேண்டும்.
> மே 1–18 டெலிவரியானவை. ஒப்பிட ஏப்ரல் 1–18. டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் திரும்பியவை மட்டும். கணக்கு துணி எண்ணிக்கையில்.
> எக்செல், வகைக்கு ஒரு வரி: இரண்டு காலத்துக்கும் டெலிவரி, ரிட்டர்ன், சதவீதம், அளவு சரியில்லை என்று திரும்பியவை.
> ஜூன் 5, வெள்ளி காலை 11 மணிக்குள் கிடைத்தால் நல்லது. முடியாவிட்டால் காரண விவரம் பிறகு வரட்டும். சதவீதம் மட்டும் முதலில் போதும். ஏதாவது தெளிவில்லை என்றால் இன்றே கேளுங்கள்.

இதற்கும் ஒரு கேள்வி திரும்பி வரலாம்: "சைஸ் மாற்றிக் கொடுத்ததும் ரிட்டர்னா?" அளவு அட்டவணைக்காக என்பதால் அதையும் சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் தனிக் கட்டத்தில்.