`Other Deductions` 3,250: எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்பது எப்படி?

என் தம்பி சென்னையில் வேலை பார்க்கிறான். மாதச் சம்பளம் 30,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 18,000. பி.எஃப். 1,800 போக 28,200 கைக்கு வரும். செப்டம்பரில் 24,950தான் வந்தது. பே ஸ்லிப்பில் `Other Deductions` என்ற ஒரே வரியில் 3,250.

1. போன மாத ஸ்லிப்பைப் பக்கத்தில் வையுங்கள். வரி வரியாக ஒப்பிட்டு, மாறியது எது என்று பாருங்கள். அவனுக்கு மாறியது அந்த ஒரு வரி மட்டும்தான்.

2. தெரிந்ததைக் கழியுங்கள். தமிழ்நாட்டில் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். பல அலுவலகங்கள் அதை ஒரே மாதத்தில் பிடித்துவிடும். செப்டம்பர் அரையாண்டு முடிகிற மாதம் என்பதால், இது அதுவாக இருக்கலாம். மீதி 2,000. முப்பதாயிரத்தை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு ஆயிரம். அப்படியானால் இரண்டு நாள் சம்பளம். அந்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக அவன் இரண்டு நாள் லீவு எடுத்திருந்தான்.

3. மெயில் எழுதுங்கள். போனில் கேட்டால் "பார்த்துச் சொல்றேன்" என்பதோடு முடிந்துவிடும். உங்கள் ஊகத்தை மெயிலில் எழுதாதீர்கள். "லீவுக்குப் பிடித்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும், கணக்கு வராது. அவன் அனுப்பியது இது:

> வணக்கம் மேடம், செப்டம்பர் பே ஸ்லிப்பில் `Other Deductions` என்று 3,250 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. ஆகஸ்டில் இந்த வரி இல்லை. இதில் எந்தெந்தத் தொகை, எந்தக் காரணத்துக்கு, எந்தத் தேதிகளுக்கு, எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற முழு விவரம் வேண்டும். இரண்டு மாத ஸ்லிப்பையும் இணைத்துள்ளேன். வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

4. பதிலைச் சரிபாருங்கள். தொழில் வரி 1,250, சம்பளமில்லா விடுப்பு இரண்டு நாள் 2,000 என்று பதில் வந்தது. தேதிகள் கேட்டிருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. லீவு பாக்கி இருந்தும், போர்ட்டலில் அவன் விண்ணப்பம் `Pending` என்றே கிடந்திருக்கிறது. மேலாளர் ஒப்புதல் கொடுக்க மறந்துவிட்டார்! (இது நிறைய பேருக்கு நடக்கிறது.)

வராத நாளுக்குப் பிடிக்கலாம். ஆனால் வராத நாட்களின் விகிதத்துக்கு மேல் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே எத்தனை நாளால் வகுத்தார்கள் என்றும் பாருங்கள். 30-க்குப் பதில் 26-ஆல் வகுத்திருந்தால் நாளுக்கு 1,154 ஆகியிருக்கும். பொருள் சேதம் என்று பதில் வந்தால் கதை வேறு. அதற்குப் பிடிக்கும் முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும்.

5. திருத்தத்தையும் அதே மெயிலில் கேளுங்கள். மேலாளர் ஒப்புதல் கொடுத்ததும் அந்தத் திரையைப் படமெடுத்து, அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்பினான். 2,000 ரூபாய் அக்டோபர் ஸ்லிப்பில் `Arrears` என்ற வரியில் வந்தது. தொழில் வரி திரும்பாது. அடுத்து பிப்ரவரி, மார்ச் வாக்கில் மறுபடியும் 1,250 போகும்.