மெயின்டெனன்ஸ் பாக்கி: அசோசியேஷன்கள் பண்ற தப்புகள்

அபார்ட்மென்ட்ல ஒரு ஓனர் மாசக்கணக்கா மெயின்டெனன்ஸ் கட்டலன்னா கமிட்டில முதல்ல வர்ற யோசனை தண்ணி லைனை மூடிடலாம்ங்கறதுதான். தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. அவர் நேரா கோர்ட்டுக்குப் போய் தடை வாங்கிடுவார், அதுக்கப்புறம் பாக்கி வச்சவர் பாதிக்கப்பட்டவரா ஆகிடுவார், நீங்க பதில் சொல்லிட்டு நிப்பீங்க. பேரைப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டறதும் அவதூறு கேஸ்ல கொண்டுபோய் விடலாம்.

இதவிட பெரிய தப்பு, "பக்கத்து வீட்டுக்காரர்தானே, பேசிக்கலாம்"னு வருஷக்கணக்கா இழுக்கறது. பாக்கிய வசூல் பண்ண கேஸ் போடறதுக்கு லிமிடேஷன் சட்டப்படி மூணு வருஷம்தான், அது ஒவ்வொரு மாச பாக்கிக்கும் தனித்தனியா ஓடும். உதாரணமா மாசம் 3,000 ரூபா, 10ஆம் தேதிக்குள்ள கட்டணும், ஒருத்தர் 2022 ஏப்ரல்லேர்ந்து நிறுத்திட்டார்னு வைங்க. 2026 ஏப்ரல் 1ஆம் தேதி கேஸ் போட்டா 48 மாச பாக்கி 1,44,000 ரூபா இருக்கும், ஆனா முதல் 12 மாசம் காலாவதி, அந்த 36,000ஐ கேஸ் போட்டு வாங்க முடியாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாச்சுன்னு நிறைய பேர் நிம்மதியா இருக்காங்க, நோட்டீஸ் அனுப்பறதால மட்டும் இந்த மூணு வருஷம் நீளாது.

நீளணும்னா அந்த மூணு வருஷம் முடியறதுக்குள்ள அவர் கையெழுத்து போட்டு பாக்கி இருக்குன்னு எழுதித் தரணும், எழுதின தேதிலேர்ந்து புதுசா மூணு வருஷம் எண்ணலாம். "பாக்கி இருக்கு, ஆனா லிஃப்ட்ட சரி பண்ற வரைக்கும் தரமாட்டேன்"னு அவர் எழுதினாக்கூட அது ஒப்புதல்தான், சட்டத்துலயே அப்படி இருக்கு. அதனால கோபமா வர்ற லெட்டரக் கூட தூக்கிப் போடாம ஃபைல் பண்ணுங்க.

அடுத்தது ரசீது. திடீர்னு 20,000 அனுப்புவார், எந்த மாசத்துக்குன்னு சொல்லமாட்டார். உடனே "இந்த மாச மெயின்டெனன்ஸ்"னு ரசீது எழுதிடாதீங்க. அவர் எதுக்குன்னு சொல்லலன்னா, ஒப்பந்தச் சட்டம் 60ஆவது பிரிவுப்படி காலாவதியான பழைய பாக்கிலயே நீங்க வரவு வைக்கலாம். ஆனா ட்ரான்ஸ்ஃபர் பண்றப்பவே "ஜூன் மாசத்துக்கு"ன்னு அவர் குறிச்சிருந்தா ஜூனுக்குத்தான் வைக்கணும்.

கேஸ்ல பலமா நிக்கறது பேப்பர்தான். ரேட்ட முடிவு பண்ணின பொதுக்குழு தீர்மானம், மினிட்ஸ் புக், வட்டி கேக்கறதுக்கு இடம் தர்ற பைலா விதி, மாசாமாசம் அனுப்பின பில், இதெல்லாம் இருக்கணும். பைலால இல்லாத வட்டிய கமிட்டி தானா முடிவு பண்ணி போட்டா அந்த எடத்துலதான் எதிர்த்தரப்பு வக்கீல் அடிப்பார். அசோசியேஷன் பதிவாகியிருக்கா, யார் பேர்ல கேஸ் போடணும்னு பைலா சொல்லுதுன்னும் முன்னாடியே பாத்துடுங்க.

நேரா கேஸுக்குப் போறதுக்கு முன்னாடி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல மனு குடுத்து லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டுப் பாக்கலாம். அங்க கோர்ட் ஃபீஸ் கிடையாது, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா வர்ற உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்கு சமம். அவர் ஒத்துக்கலன்னா அங்க கட்டாயப்படுத்த முடியாது, அடுத்தது சிவில் கேஸ்தான், அதையும் மூணு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.