இடம் இருந்தும் ‘ஸ்டோரேஜ் போதாது’ என்கிறதா? ஆண்ட்ராய்டு போனில் பலரும் செய்யும் தவறுகள்

போனில் 700 எம்பிக்கு மேல் காலி என்று செட்டிங்ஸ் சொல்கிறது. போடப் போகும் ஆப்போ வெறும் 110 எம்பி. ஆனாலும் பிளே ஸ்டோர் இடம் போதவில்லை என்று நிறுத்திவிடுகிறது. உடனே கையில் கிடைக்கும் ஆப்களுக்கெல்லாம் கேஷ் அழிப்பது, ‘கிளீனர்’ ஒன்றைத் தேடிப் போடுவது, கடைசியில் ஆத்திரத்தில் ஏதோ ஒரு ஆப்பின் டேட்டாவையே அழித்துவிட்டு அதில் இருந்ததை இழப்பது என்று போகிறது கதை. கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வைத்தால் இதில் பெரும்பகுதி தேவையே இல்லை.

முதல் தவறு, திரையில் தெரியும் ‘காலி’ எண்ணை அப்படியே நம்புவது. ஆண்ட்ராய்டு உள் சேமிப்பில் ஒரு பகுதியைத் தன் ஓட்டத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கும். வழக்கமான அமைப்பில் அது டேட்டா பகுதியின் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இரண்டில் எது குறைவோ அது. இன்றைய போன்களில் 5 சதவீதம் என்பது எப்படியும் 500 எம்பியைத் தாண்டிவிடும் என்பதால், நடைமுறையில் 500 எம்பி என்றே வைத்துக்கொள்ளலாம். போன் நிறுவனம் விரும்பினால் இந்த எல்லையை மாற்றவும் முடியும். ஆகவே 740 எம்பி காலி என்றால், புது ஆப் ஒன்றுக்குக் கிடைப்பது 240 எம்பிதான்.

110 எம்பி ஆப்புக்கு 240 எம்பி தாராளம்தானே என்று தோன்றும். பிளே ஸ்டோரில் காட்டுவது பதிவிறக்கத்தின் அளவு. சுருக்கி அனுப்பியது போனில் விரியும்போது அதைவிடப் பெரிதாகும். அதன் பிறகு அந்தப் போனின் பிராசஸருக்கு ஏற்றபடி ஆப்பின் நிரலைத் தயார் செய்வதற்கும் இடம் வேண்டும். அப்டேட் என்றால் இன்னும் கூடுதல், ஏனென்றால் புதியது முழுமையாக அமரும்வரை பழையதை போன் நீக்காது. திரையில் காட்டும் அளவைப் போல மூன்று மடங்கு இடமாவது, அந்த 500 எம்பிக்கு மேல் இருக்கட்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். இது என் கைக்கணக்கு. பெரிய கேம்களுக்கு இதுவும் போதாது. மெமரி கார்டில் 20 ஜிபி காலியாகக் கிடந்தாலும் இந்தக் கணக்கில் அது சேராது. பெரும்பாலான ஆப்கள் உள் சேமிப்பில்தான் அமரும்.

இரண்டாவது தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன். பாதியில் நின்றுபோன நிறுவல் விட்டுச் சென்ற மிச்சத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒரு ஆப்பை நிறுவும்போது அதன் கோப்புகள் நேராகத் தம் இடத்துக்குப் போவதில்லை. `/data/app` என்ற அடைவுக்குள் `vmdl` என்று தொடங்கி `.tmp` என்று முடியும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் முதலில் இறங்கும். எல்லாம் சரியாக முடிந்தால் அது நிரந்தர இடமாக மாறும். நடுவில் நெட் போய்விட்டாலோ, சார்ஜ் தீர்ந்து அணைந்தாலோ, இடம் போதாமல் நின்றாலோ, அதுவரை இறங்கியது அங்கேயே தங்கிவிடக்கூடும். எந்த ஃபைல் மேனேஜரிலும் அது கண்ணில் படாது. ரூட் செய்யாத போனில் அந்த அடைவுக்குள் நாம் நுழையவே முடியாது. ‘மறுபடியும் முயல்வோம்’ என்று திரும்பத் திரும்ப Install பொத்தானை அழுத்துகிறவர்களின் போனில், ஒவ்வொரு தோல்வியும் இடத்தை இன்னும் கொஞ்சம் தின்றிருக்க வாய்ப்புண்டு.

இதற்குப் பரிகாரம் எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு Manage apps & device பகுதிக்குப் போங்கள். அங்கே காத்திருக்கும், பாதியில் நிற்கும் அப்டேட்கள் எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். அதன் பிறகுதான் போனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். போன் திரும்ப எழும்போது, உரிமையாளர் இல்லாத தற்காலிக ஃபோல்டர்களைத் தானே துடைத்துவிடும். ரத்து செய்யாமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்தால், ‘இந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது’ என்று நினைத்து அதை அப்படியே வைத்திருக்கும். அப்படிக் கிடப்பில் இருப்பதைப் போனே கைவிட 3 நாள் ஆகலாம். ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கலை’ என்பவர்களில் பலர் தவறவிடுவது இந்த முதல் படியைத்தான்.

எந்தக் கட்டத்தில் பிழை வருகிறது என்பதையும் கவனியுங்கள். பதிவிறக்கம் தொடங்கும் முன்பே மறுத்தால், பெரும்பாலும் இடக் கணக்கே உதைக்கிறது. முழுக்க இறங்கி Installing என்று வந்த பிறகு தோற்றால், விரிவதற்கு இடமில்லை அல்லது பழைய மிச்சம் அடைத்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து எடுத்த ஏபிகே கோப்பைப் போடும்போது App not installed என்று மட்டும் வந்தால், இடத்தைச் சந்தேகிப்பதற்கு முன் அதே ஆப், அதை உருவாக்கியவர் இடும் டிஜிட்டல் கையொப்பம் மாறுபட்ட நிலையில், ஏற்கெனவே போனில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது யூசர் கணக்கிலோ பாதுகாப்பு ஃபோல்டரிலோ அது ஒளிந்திருக்கலாம்.

ஏபிகே என்றதும் இன்னொன்று. ஏபிகேயிலிருந்து ஆப்பைப் போட்ட பிறகு அந்தக் கோப்பு தேவையில்லை. போனுக்குள் அதன் நகல் தனியாகப் போய்விட்டது. ஆனால் Download ஃபோல்டரில் அசல் அப்படியே கிடக்கும். பல போன்களின் ஃபைல் மேனேஜரில் நிறுவல் கோப்புகளுக்கென்றே APKs, Installation files என்பது போன்ற பிரிவு இருக்கும். அதைத் திறந்தால் ஒரே ஆப்பின் நான்கைந்து பதிப்புகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அழித்தால் ஆப்புக்கு ஒன்றும் ஆகாது. வாட்ஸ்அப்பில் வந்தவை வாட்ஸ்அப்பின் Documents ஃபோல்டரில் இருக்கும். அங்கே கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் .apk என்று முடியும் கோப்பு இருந்தால், என்னவென்று திறந்துகூடப் பார்க்காமல் அழியுங்கள். அது மோசடிக்காக அனுப்பப்படுவது.

இனி கேஷ். Clear cache, Clear storage இரண்டும் ஒரே திரையில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. சில போன்களில் இரண்டாவதன் பெயர் Clear data. கேஷ் என்பது ஆப் வேகமாக இயங்குவதற்காகச் சேர்த்து வைத்த தற்காலிகப் பொருள். அழித்தால் இழப்பு இல்லை, தேவைப்பட்டதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும். அதனாலேயே அழித்த சில நாளில் பழையபடி நிரம்பிவிடும். தவிர ஆண்ட்ராய்டு 8 முதல், இடம் நெருக்கடியானால் ஆப்களின் கேஷைச் சிஸ்டமே அழித்து இடம் செய்துகொள்ளும். ஆகவே எல்லா ஆப்களுக்கும் ஒவ்வொன்றாகப் போய்க் கேஷ் அழிப்பதில் நேரம்தான் போகும். குறிப்பாக அழித்துப் பார்க்க வேண்டியது பிளே ஸ்டோரின் கேஷ் மட்டும்: Settings → Apps → Google Play Store → Storage & cache → Clear cache. அது போதவில்லையென்றால் அதே பிளே ஸ்டோருக்கு Clear storage கொடுக்கலாம். நிறுவிய ஆப்கள் போகாது, ஆட்டோ அப்டேட் போன்ற அதன் அமைப்புகள்தான் பழைய நிலைக்குத் திரும்பும்.

மற்ற ஆப்களில் Clear storage என்பதைத் தொடவே வேண்டாம். யுபிஐ ஆப்பில் கொடுத்தால் சிம் சரிபார்ப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கொடுத்தால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த உரையாடல்கள் போய்விடும். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான குறியீடு தரும் ஆப்பில், கணக்கோடு இணைத்து வைக்காமல் அழித்துவிட்டால், உங்கள் சொந்தக் கணக்குகளுக்குள்ளேயே நீங்கள் நுழைய முடியாது. 200 எம்பி இடத்துக்காக இந்த விலையைக் கொடுக்கக் கூடாது. கிளீனர் ஆப்களும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 6 முதல், வெளி ஆப் ஒன்று மற்ற ஆப்களின் கேஷைத் தன் விருப்பத்துக்கு அழிக்க முடியாது. அதைச் சுற்றி வர ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி கேட்பார்கள். அதைக் கொடுப்பது உங்கள் திரை முழுவதையும் வேற்று ஆளிடம் கொடுப்பதற்குச் சமம்.

கம்ப்யூட்டர் கையில் இருந்து, யுஎஸ்பி டீபக்கிங் போடத் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி உண்டு. முதல் கட்டளை உண்மையான காலி இடத்தைக் காட்டும். இரண்டாவது, 4 ஜிபி காலியாகும்வரை கேஷை அழிக்கச் சொல்லும். அவ்வளவு கேஷ் இல்லையென்றால் இருப்பதை மட்டும் அழிக்கும், டேட்டாவைத் தொடாது.

```
adb shell df -h /data
adb shell pm trim-caches 4G
```

அந்த 740 எம்பி போன் கற்பனையல்ல. 32 ஜிபி போன் ஒன்றைத் திருத்தும்போது பார்த்ததுதான். உரிமையாளர் ஏற்கெனவே நிறையப் படங்களையும் வீடியோக்களையும் அழித்திருந்தார், காலி எண் மட்டும் அசையவில்லை. காரணம், அழித்தவை குப்பைத்தொட்டியில் உட்கார்ந்திருந்தன. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆனவை 60 நாளும் ஆகாதவை 30 நாளும் அங்கே இருக்கும், அதுவரை இடத்தையும் பிடித்திருக்கும். போனோடு வரும் கேலரிக்கும் தனிக் குப்பைத்தொட்டி உண்டு. இரண்டையும் காலி செய்ததும் 1.3 ஜிபி கிடைத்தது. பிளே ஸ்டோரில் பாதியில் நின்ற மூன்று அப்டேட்களை ரத்து செய்து ரீஸ்டார்ட் செய்ததில் இன்னொரு 600 எம்பி வந்தது. அந்த ஆப் அப்போதே அமர்ந்துவிட்டது.

ஆனால் பெரிய சேமிப்பு அதன் பிறகுதான். வாட்ஸ்அப்பில் நாம் பிறருக்கு அனுப்பும் வீடியோக்களின் நகல், WhatsApp Video ஃபோல்டருக்குள் Sent என்ற உள்ஃபோல்டரில் சேரும். கேலரியில் அது தெரியாது என்பதால் அங்கே எவ்வளவு தேடி அழித்தாலும் கைக்கு அகப்படாது. அந்தப் போனில் அது 2.8 ஜிபி. உள் சேமிப்பில் Android/media/com.whatsapp/WhatsApp/Media என்ற வழியில் ஃபைல் மேனேஜரில் போனால் பார்க்கலாம். அனுப்பிய வீடியோவின் அசல் கேலரியில் இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டு அழியுங்கள். வந்த வீடியோவை அப்படியே ஃபார்வேர்டு செய்ததென்றால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மறுத்தால், செட்டிங்ஸில் பிளே ஸ்டோரின் பக்கத்துக்குப் போய், மேலே மூன்று புள்ளியில் உள்ள Uninstall updates கொடுங்கள். பழைய பதிப்புக்குப் போய்த் தானே புதுப்பித்துக்கொள்ளும். எப்போதாவது மட்டும் திறக்கும் பெரிய ஆப்களை நீக்காமல் Archive செய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆப் போகும், டேட்டா இருக்கும். 16 ஜிபி போனில் மட்டும் இந்த வேலைகள் எல்லாம் சில வாரங்களுக்கே உதவும். அங்கே சிஸ்டமும் அன்றாட ஆப்களும் எடுத்தது போக மிச்சம் அவ்வளவு குறைவு. பத்து ஆப்களில் எந்த இரண்டை விடுவது என்று முடிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.